முதலில் ஒரு பத்தி

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் தமிழ்ப் பாடத்தில் கட்டுரை என்றால் பெரும்பாலும் குறிப்புச் சட்டகம் கொடுத்திருப்பார்கள். முன்னுரை, நடுவில் மூன்று நான்கு தலைப்புகள், கடைசியில் முடிவுரை. பிள்ளைகள் ஒவ்வொரு தலைப்பையும் எழுதி, அடிக்கோடு போட்டு, அதன் கீழே நான்கைந்து வரிகளை நிரப்புவார்கள். பார்வைக்குக் கட்டுரை ஒழுங்காகவே இருக்கும். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு கீழே இருக்கிற வரிகளை மட்டும் படித்தால்தான் குறை தெரியவரும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தம் இருக்காது.

ராயபுரத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘எங்கள் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தால் ஒரு பத்தி ஏறக்குறைய இப்படி வரும்:

“எங்கள் ஊர் ராயபுரம். இங்கு காசிமேடு மீன்பிடித் துறைமுகம் உள்ளது. காசிமேட்டில் நிறைய மீன் கிடைக்கும். மீன் உடம்புக்கு நல்லது. ராயபுரத்தில் பழைய ரயில் நிலையம் உள்ளது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். நாம் கடலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.”

எழுத்துப்பிழை இல்லை. எழுவாய், பயனிலை எல்லாம் சரி. ஆசிரியர் டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். ஆனால் இந்த ஏழு வரிகளில் ஏழு விஷயங்கள் இருக்கின்றன, ஒன்றைப் பற்றியும் இரண்டாவது வரி இல்லை. மீன் உடம்புக்கு நல்லது என்ற வரிக்குப் பிறகு ரயில் நிலையம் ஏன் வருகிறது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டால், ‘ஞாபகம் வந்துச்சு மிஸ்’ என்று சொல்லும். உண்மையான பதில் அதுதான். ஞாபகம் வந்த வரிசையில் எழுதியதைப் பத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அந்தப் பிள்ளை. பத்தி என்றால் என்ன என்று யாரும் அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

பத்தி என்பது ஒரு கருத்தைச் சொல்லி, அதைப் படிப்பவர் ஒப்புக்கொள்ளும்வரை விவரங்களால் தாங்கி நிறுத்துகிற வாக்கியங்களின் கூட்டம். அந்தக் கருத்தைச் சொல்கிற வாக்கியத்தை இங்கே மைய வாக்கியம் என்போம். தாங்குகிறவை துணை விவரங்கள். ஆங்கில வகுப்பில் இதே பிள்ளைகள் ‘டாபிக் சென்டன்ஸ்’ என்று கேள்விப்படுவதும் இதைத்தான். பத்தியின் முதல் வாக்கியமே அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று காட்ட வேண்டும் என்பதை ஒரு விதியாகவே எழுதிவைத்தவர் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின். 1866-இல் வந்த அவருடைய கட்டுரை இலக்கண நூலிலிருந்துதான் பள்ளிகளுக்கு இந்த முறை பரவியது. நம் ஓலைச்சுவடிகளில் பத்தி பிரிக்கிற வழக்கமே இல்லை. அச்சும் உரைநடையும் வளர்ந்த 19-ஆம் நூற்றாண்டில்தான் தமிழ்ப் பக்கத்தில் பத்திகள் நிலைத்தன. ஆகவே இது தானாக வந்துவிடுகிற பழக்கம் இல்லை, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது.

இனி ஒரே ஒரு பத்தியை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம். பொருள், காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாகிவிட்டது. இப்படிப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பொருளில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ‘நூலகத்தின் பயன்கள்’ என்று கொடுத்தால் பிள்ளைக்கு விவரமும் தெரியாது, பத்தி கட்டவும் தெரியாது. இரண்டு சுமையை ஒன்றாக ஏற்றினால் எது இடறியது என்று ஆசிரியருக்கே தெரியாமல் போய்விடும்.

முதல் பாடவேளையில் யாரும் எழுத வேண்டாம், பேச்சு மட்டும் போதும். ‘தடைக்காலத்துல உங்க வீட்ல, உங்க தெருவுல என்னென்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். பதில்கள் இந்த மாதிரி வரும்: ‘எங்கப்பா வலை தைப்பாரு.’ ‘போட்டுக்குப் பெயின்ட் அடிப்பாங்க.’ ‘இன்ஜினைக் கழட்டி சர்வீஸ் பண்ணுவாங்க.’ ‘மீன் ரேட் ஏறிடும்.’ ‘கவர்மென்ட்ல காசு போடுவாங்க.’ ‘ஃபைபர் போட்டு மட்டும் போவும் மிஸ்.’ ‘மீன் முட்டை போடுற டைம், அதான் போவக் கூடாது.’ ‘ஓட்டைப் பலகையை மாத்துவாங்க.’ ‘கடைசி நாளு ஐஸு, டீசல் ஏத்துவாங்க.’

இவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கரும்பலகையில் எழுதி எண் போடுங்கள். ‘போவும்’ என்பதை இந்த இடத்தில் ‘போகும்’ என்று திருத்தினால், அடுத்துச் சொல்ல வாயெடுத்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எழுத்து நடைக்கு மாற்றுகிற வேலை கடைசியில் வரும்.

இப்போது பலகையில் ஒன்பது விவரங்கள் இருக்கின்றன. எவையெல்லாம் ஒன்றாகச் சேரும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வலை, பெயின்ட், இன்ஜின், பலகை, ஐஸும் டீசலும் ஆகிய ஐந்தும் வேலை என்ற பக்கம் சேரும். மீன் விலையும் அரசுப் பணமும் இன்னொரு பக்கம். முட்டையிடும் காலம் என்பது தடை ஏன் வந்தது என்ற பக்கம். ஃபைபர் படகு எங்கே போகும் என்று சண்டை வரும். வரட்டும், அதற்கு நாம் திரும்ப வருவோம்.

பெரிய குவியல் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். வேலை என்ற குவியலைக் காட்டி, ‘இதெல்லாத்தையும் சேர்த்து ஒரே வரியில என்ன சொல்லலாம்?’ என்று கேட்டால் மைய வாக்கியத்துக்கான முயற்சிகள் வரத் தொடங்கும். நல்லது மட்டுமே வராது. வருகிற தவறுகள் மூன்று வகை. அவற்றை அடையாளம் கண்டுகொள்வதுதான் இந்தப் பாடத்தில் ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம்.

ஒரு பிள்ளை, ‘தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை’ என்று சொல்லும். உண்மைதான், ஆனால் அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. கேட்டவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இன்னொரு பிள்ளை, ‘தடைக்காலம் மீனவர் வாழ்க்கையில் மிக முக்கியமானது’ என்று சொல்லும். இது பெரிய வாக்கியம் மாதிரித் தெரிவதால் ஆசிரியர்களுக்கே பிடித்துவிடும். ஆனால் இதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் போடலாம். விலையும் போடலாம், முட்டையும் போடலாம், சுனாமியும் போடலாம். எதையும் வெளியே நிறுத்தாத வாக்கியத்தால் பத்தியைக் கட்டிக்காக்க முடியாது. மூன்றாவது பிள்ளை, ‘தடைக்காலத்தில் என் அப்பா வலை தைப்பார்’ என்று சொல்லும். இது மிகவும் குறுகலானது. பெயின்டும் இன்ஜினும் இதன் கீழ் வர முடியாது. உண்மையில் இது மைய வாக்கியமே இல்லை, ஒரு துணை விவரம்.

நான்காவதாக யாராவது, அல்லது ஆசிரியர் கொஞ்சம் தூண்டிவிட்ட பிறகு, இப்படிச் சொல்வார்கள்: ‘தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாவிட்டாலும் காசிமேட்டில் வேலை ஓய்வதில்லை.’

இது ஏன் சரி? இதைக் கேட்டதும், ‘போகவே இல்லையே, அப்புறம் என்ன வேலை?’ என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு மைய வாக்கியம் தேறுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்தவற்றில் நல்ல சோதனை இதுதான். பக்கத்துப் பிள்ளையிடம் அந்த வாக்கியத்தை மட்டும் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். கேட்டவருக்கு ‘எப்படி?’, ‘ஏன்?’, ‘என்னென்ன?’ என்ற மூன்றில் ஒரு கேள்வி இயல்பாக வர வேண்டும். வரவில்லை என்றால் அது வெறும் தகவல். ஒரே நேரத்தில் பத்துக் கேள்வி வருகிறது என்றால் வாக்கியம் அகலமாகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பத்தியின் மீதி வேலை.

இனி ஃபைபர் படகுச் சண்டைக்கு வருவோம். தடை விசைப்படகுகளுக்குத்தான். சிறிய ஃபைபர் படகுகள் கரையை ஒட்டித் தொழில் செய்கின்றன. இந்த விவரம் நம் பத்திக்குள் வருமா? ‘அதுவும் வேலைதானே’ என்று ஒரு பிள்ளை வாதிடும். ‘மத்ததெல்லாம் ரிப்பேர் வேலை, இது மட்டும் வேற’ என்று இன்னொன்று. இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போது மைய வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றிக் காட்டுங்கள். ‘காசிமேட்டில் வேலை ஓய்வதில்லை’ என்றால் ஃபைபர் படகு உள்ளே வரும். ‘காசிமேட்டுக் கரையில் வேலை ஓய்வதில்லை’ என்று எழுதினால் அது வெளியே போய்விடும், ஏனென்றால் அது கடலில் நடக்கிற வேலை. எது உள்ளே, எது வெளியே என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, மைய வாக்கியமே சொல்லிவிடுகிறது. பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ‘மைய வாக்கியம் என்றால் பத்தியின் முக்கியக் கருத்தைக் கூறுவது’ என்று இலக்கணம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தால் இந்தப் புரிதல் வராது.

பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமான கட்டம் விவரத்தை விடுவதுதான். மீன் விலை ஏறும் என்பது உண்மை. தானே சொன்ன விவரம். அதை எழுதக் கூடாது என்றால் பிள்ளைக்கு மனசு கேட்காது, நைசாகக் கடைசி வரியில் கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் தூக்கிப்போடச் சொல்ல வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த பத்திக்கு’ என்று எழுதி, அங்கே சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். விலை ஏற்றமும் அரசின் நிவாரணத் தொகையும் அங்கே போய்ச் சேர்ந்ததும், அவையே இரண்டாவது பத்திக்கு வழிகாட்டும்: ‘இந்த இரண்டு மாதமும் வீட்டுச் செலவுக்குப் பணம் புரட்டுவது கஷ்டம்’ என்று ஒரு புது மைய வாக்கியம் கிடைக்கும். முட்டையிடும் காலம் மூன்றாவதற்கு. கட்டுரை என்பது இப்படிப் பத்தியிலிருந்து வளர வேண்டும். தலைப்புகளை முதலில் கொடுத்துவிட்டு நிரப்பச் சொல்கிற முறையில் இந்த வளர்ச்சியைப் பிள்ளை பார்ப்பதே இல்லை.

அடுத்தது, வைத்துக்கொண்ட விவரங்களுக்குச் சதை போடுவது. ‘வலை தைப்பார்கள்’ என்ற இரண்டு சொல்லால் அந்த வேலையை ராயபுரத்துக்கு வெளியே இருப்பவர் கண்முன் கொண்டுவர முடியாது. அதற்கு ஆசிரியர் அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்க வேண்டும். ‘எங்க உக்காந்து தைப்பாங்க? எந்த நூலு? கிழிஞ்ச இடம் எப்படித் தெரியும்?’ பிள்ளை சொல்லும்: தெருவிலேயே விரித்துப்போடுவார்கள், நைலான் நூல், கையால் தடவிக்கொண்டே போனால் கண்ணி அறுந்த இடம் தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கு வந்த பதிலைச் சேர்த்தால் அதுவே துணை விவரம். ‘விரிவாக எழுது’ என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினால் பிள்ளை ‘மிகவும் கஷ்டப்பட்டு, கடினமாக உழைத்து வலை தைப்பார்கள்’ என்று நான்கு சொல்லைச் சேர்த்துக் கொண்டுவரும். வரி நீளும், விவரம் கூடாது.

வரிசைக்கு வருவோம். இந்தப் பத்திக்குக் கால வரிசை பொருந்துகிறது. தடை தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை போகலாம். விவரங்களைத் துண்டுத் தாள்களில் எழுதித் தரையில் போட்டு, பிள்ளைகளையே நகர்த்தி அடுக்கச் சொன்னால் போதும். நோட்டில் எழுதியதை அடித்து எழுதப் பிள்ளைகள் தயங்குவார்கள், தாளை நகர்த்தத் தயங்க மாட்டார்கள்.

இத்தனையும் ஆன பிறகு இரண்டாவது பாடவேளையில் எழுதவைக்கலாம். வகுப்பாகச் சேர்ந்து எழுதினால் பத்தி இப்படி வரும்:

“தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாவிட்டாலும் காசிமேட்டுக் கரையில் வேலை ஓய்வதில்லை. ஏப்ரல் 15 அன்று தடை தொடங்கியதும் பழுதான படகுகளைக் கரையேற்றுகிறார்கள். தச்சர்கள் உளுத்த பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதுப் பலகை அடிக்கிறார்கள். மெக்கானிக்குகள் இன்ஜினைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றுகிறார்கள். அதே நேரத்தில் எங்கள் தெருவில் பெரியவர்கள் வலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையால் தடவிப் பார்த்து, அறுந்த கண்ணிகளை நைலான் நூலால் முடிச்சுப் போட்டு இணைப்பார்கள். ஜூன் பிறந்துவிட்டால் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நடக்கும். கடைசி இரண்டு நாளில் ஐஸும் டீசலும் ஏற்றி, தடை முடியும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள்.”

எட்டு வாக்கியங்கள். முதல் வாக்கியம் கேள்வியைக் கிளப்புகிறது, மற்ற ஏழும் அதற்குப் பதில் சொல்கின்றன. முடிவில் ‘ஆகவே நாம் மீனவர்களின் உழைப்பைப் போற்ற வேண்டும்’ என்ற வரி இல்லாததைக் கவனியுங்கள். பிள்ளைகள் அதைப் பழக்கத்தில் சேர்ப்பார்கள். சின்னப் பத்திக்கு முடிவு வாக்கியம் கட்டாயமில்லை. அறிவுரையோடு முடித்தால்தான் மதிப்பெண் என்ற எண்ணத்தை ஆறாம் வகுப்பிலேயே களைந்துவிடுவது நல்லது. வளரவிட்டால் பத்தாம் வகுப்பில் எல்லாக் கட்டுரையும் ஒரே வரியில் போய் முடியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாக்கியங்களை இணைக்க ‘முதலாவதாக, இரண்டாவதாக, மேலும், இறுதியாக’ என்று ஒரு பட்டியலைக் கொடுக்கிற வழக்கம் உண்டு. கொடுத்த மறுநாள் எல்லா நோட்டிலும் ஒவ்வொரு வரியும் ‘மேலும்’ என்று ஆரம்பிக்கும். மேலே உள்ள பத்தியில் ஒரு ‘மேலும்’கூட இல்லை. ‘தொடங்கியதும்’, ‘பிறந்துவிட்டால்’, ‘அதே நேரத்தில்’ என்பவைதான் வரிகளைக் கோக்கின்றன. தமிழில் பெரும்பாலான இணைப்பை வினைச்சொல்லே செய்துவிடும். ‘தடை தொடங்கியது. மேலும் படகுகளைக் கரையேற்றினார்கள்’ என்பதையும் ‘தடை தொடங்கியதும் படகுகளைக் கரையேற்றினார்கள்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படிக்கவைத்தால், எது சரி என்று பிள்ளையின் காதே சொல்லிவிடும்.

ஆனால் இதே வசதி ஆளைக் கவிழ்க்கவும் செய்யும். வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகத் தமிழ் இடம்கொடுக்கிறது. எனவே இப்படியும் ஒரு பத்தி வரும்: “அப்பா காலையில் எழுந்து டீ குடித்து கரைக்குப் போய் வலையை விரித்து கிழிந்த இடத்தைப் பார்த்து தைத்து மதியம் வந்து சாப்பிட்டு தூங்கி மறுபடியும் போய் தைப்பார்.” வாக்கிய அமைப்பில் குற்றமில்லை. ஆனால் பதினொரு வேலைகளும் ஒரே வேகத்தில் ஓடிவிடுகின்றன, எதிலும் கண் நிற்பதில்லை. டீ குடிப்பதும் வலை தைப்பதும் சம எடை பெற்றுவிடுகின்றன. ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பெரிய எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும்.

பேச்சு நடையை எழுத்து நடையாக்குவதும் ஒற்று மிகும் இடங்களைச் சரிபார்ப்பதும் இதற்குப் பிறகுதான். பெரும்பாலான வகுப்பறைகளில் திருத்தம் இந்த முனையிலிருந்து தொடங்குகிறது. ‘பெயின்ட் அடிப்பாங்க’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், பிள்ளை அந்தச் சொல்லை மாற்றி எழுதிக்கொண்டு வரும். பத்தி அப்படியே சிதறிக் கிடக்கும். இலக்கணத்தைத் தனியாக நடத்துவதைவிட, திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது ஆகிய படிகளை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பதுதான் பிள்ளைகளின் எழுத்தை அதிகம் முன்னேற்றுகிறது என்று அமெரிக்காவில் ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் இருவரும் 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய அறிக்கை சொல்கிறது. தமிழ் வகுப்புக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

பிள்ளை தனியாக எழுதிய பத்தி சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதல் வாக்கியத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் மீதியைப் படிக்கக் கொடுங்கள். மூடியிருக்கிற வாக்கியம் என்னவாக இருக்கும் என்று அந்தப் பிள்ளை ஊகிக்க வேண்டும். ஊகம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் துணை விவரங்கள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. ‘எங்கள் ஊர்’ பத்தியில் இந்தச் சோதனையை வைத்தால் யாராலும் ஊகிக்க முடியாது. இதில் ஆசிரியருக்கு வேலையே இல்லை. நாற்பது நோட்டு திருத்த வேண்டியவருக்கு அது சிறிய உதவி இல்லை.

இன்னொரு பயிற்சி, சேராத வரியைக் கண்டுபிடிப்பது. அதற்கு ராயபுரம் ரயில் நிலையம் நல்ல பொருள். மைய வாக்கியம்: ‘சென்னையின் பயணிகள் ரயில் வரலாறு ராயபுரத்தில் தொடங்குகிறது.’ கீழே வரிகள்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து புறப்பட்டது, அது ஆற்காட்டுப் பக்கம் இன்றைய வாலாஜா ரோடு நிலையம்வரை போனது, சென்ட்ரல் நிலையம் 1873-இல்தான் வந்தது, அந்தப் பழைய நிலையக் கட்டடம் இன்றும் ராயபுரத்தில் நிற்கிறது. இவற்றுக்கு நடுவே ‘ரயிலில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யக் கூடாது’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள், ஆறாம் வகுப்பு உடனே பிடித்துவிடும். எட்டாம் வகுப்புக்கு வேறு வரி வேண்டும்: ‘இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது.’ இதுவும் ரயில்தான், இதுவும் வரலாறுதான், உண்மையும்கூட. ஆனால் சென்னையின் ரயில் ராயபுரத்தில் தொடங்கியது என்பதை இது தாங்கவில்லை. ஒரே தலைப்பைச் சேர்ந்தது என்பதற்காக ஒரு வரி பத்திக்குள் வந்துவிட முடியாது. இந்த வேறுபாடு பிடிபடச் சில வாரம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

வகுப்புக்குத் தக்கபடி சுமையைப் பிரித்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் மைய வாக்கியத்தை ஆசிரியரே கொடுத்து, மூன்று துணை விவரம் மட்டும் கேட்கலாம். ஏழில் விவரங்களைக் கொடுத்து மைய வாக்கியத்தைக் கேட்கலாம். எட்டில் இரண்டும் பிள்ளையுடையது, கூடவே ‘அடுத்த பத்திக்கு’ என்று சேர்த்துவைத்த பக்கத்திலிருந்து இரண்டாவது பத்தியும்.

பொருள் மாறினால் வரிசையும் மாறும். எண்ணூர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயைப் பற்றிச் சொல்வார்கள். ‘எண்ணெய் பரவியதால் எண்ணூர் மீனவர்கள் தொழில் இழந்தார்கள்’ என்பது அங்கே மைய வாக்கியம். வலையில் எண்ணெய் படிந்தது, படகு கறுத்தது, பிடித்த மீனை வாங்க ஆளில்லை என்று அதன் துணை விவரங்கள் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும். தடைக்காலப் பத்தியின் தேதி வரிசையை இங்கே போட்டால் பொருந்தாது. இந்த மாதிரிப் பொருளில் பிள்ளை தானே பார்த்தது எது, டிவியில் கேட்டது எது என்று பிரித்து எழுதவும் பழக்க வேண்டும். ‘நான் பார்த்தேன்’, ‘செய்தியில் சொன்னார்கள்’ என்று சேர்த்தால் போதும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கதை எழுதும்போது மைய வாக்கியத்தை முதலில் வைக்கச் சொன்னால் கதை கெட்டுவிடும். நல்ல கட்டுரையாளர்கள் பலர் அதைக் கடைசியில் வைப்பார்கள், சிலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். முதலில் வைப்பது கற்றுக்கொள்ளும் காலத்துக்கான ஒழுங்கு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லலாம். ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வாக்கியத்தை முழுதாக எழுதத் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்தி வாயால் சொல்கிற பயிற்சியாகவே இருக்கட்டும், ஆசிரியரோ தோழியோ எழுதிக்கொள்ளலாம். வீட்டில் தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு வருகிற பிள்ளைகள் வடசென்னைப் பள்ளிகளில் ஏராளம். விவரம் சேர்க்கும் கட்டத்தில் அவர்கள் எந்த மொழியில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். குவியல் பிரிப்பதும் சேராததை நீக்குவதும் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் வருகிற கட்டுரைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, அதற்கான இரண்டு பாடவேளையில் ஒரே ஒரு பத்தி கேளுங்கள். முன்னுரை வேண்டாம், முடிவுரை வேண்டாம். பிள்ளையின் தெருவில் நடக்கிற ஏதாவது ஒன்றைப் பற்றி எட்டு வரி போதும்.